கறுத்துப்போன டோல்கேட் ரசீது

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அதை மறைத்து எழுத மனமில்லை. பாளையங்கோட்டையில் ஒரே ஒரு டூரிஸ்ட் வேனை வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தேன். பதினோரு வருடமாக அதை ஓட்டியவர் ஆழ்வார்திருநகரிக்காரர். டோல்கேட் கட்டணம் கழிவதற்காக முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த ஃபாஸ்டேக் மட்டும் என் கணக்கில் இருந்தது. பணம் கழிந்தாலும், இருப்பு குறைந்தாலும் என் போனுக்குத்தான் மெசேஜ் வரும். ரீசார்ஜ் செய்வதும் நான்தான். அதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு வேறு.

ஒரு முகூர்த்த நாள். கல்யாண வீட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு அவர் மதுரைக்குப் போனார். நான் உள்ளூரில் வேறொரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். சாப்பிட்டுக் கைகழுவி வந்து பார்த்தால் அவரிடமிருந்து நாலு மிஸ்டு கால். கூப்பிட்டால் எடுக்கவில்லை. டேக்கில் காசு இருக்காதோ என்று தோன்றியது. உடனே ரீசார்ஜ் செய்தேன். கொஞ்ச நேரத்தில் டோல்கேட்டில் பணம் கழிந்ததாக மெசேஜும் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்று வெற்றிலை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் அவர் வந்து, "டேக்கு பிளாக்குன்னுட்டான் அண்ணாச்சி. பின்னால ஒரே ஆரன் சத்தம். கையிலேருந்து ரெண்டு மடங்கு கெட்டிட்டுதான் போனேன்" என்றார்.

"டேக்லதான் கழிஞ்சிருக்கே வே! ரசீதைக் காட்டும்."

அவர் பையிலிருந்து எடுத்து நீட்டினார். லேமினேஷன் போட்ட ஒரு துண்டு. உள்ளே தாள் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தது. ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

"பத்திரமா இருக்கட்டும்னு ஜெராக்ஸ் கடையில கொடுத்தேன். இப்படி ஆயிட்டு" என்றார். ஆர்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றுக்கும் லேமினேஷன் போட்டு வைக்கிற மனிதர். எனக்கு அது அப்போது நினைவுக்கு வரவேண்டாமா? வரவில்லை.

"யார்கிட்ட கதை விடுதீரு? எழுத்தை அழிச்சிட்டு வந்து எங்கிட்டயே காசு கேக்கீரா? இதுக்குப் பேரு திருட்டு வே" என்று கத்திவிட்டேன்.

அவர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடந்தார்.

பொய்யைக் கையும் களவுமாகப் பிடிப்பதென்று நானே வேனை எடுத்துக்கொண்டு அந்த டோல்கேட்டுக்குப் போனேன். அலுவலகத்தில் இருந்த இளைஞரிடம் தேதி, நேரம், வண்டி நம்பர் எல்லாம் சொன்னேன். அவர் கணினியில் தேடி, ஒரு நகலை அச்செடுத்துக் கொடுத்தார். ரொக்கம், இரண்டு மடங்கு, என் வண்டி நம்பர்.

"வண்டி வந்தப்போ டேக்ல காசு இல்ல சார், பிளாக்ல இருந்திருக்கு. அதான் ரொக்கமா ரெட்டைக் கட்டணம். பின்னாலயே நீங்க ரீசார்ஜ் செஞ்சதும் மிஷின் டேக்கைப் படிச்ச பதிவு பேங்குக்குப் போய் டேக்லயும் கழிஞ்சிட்டு. இந்த நகலை வச்சு, டேக் கொடுத்த பேங்க்ல புகார் பண்ணுங்க. டேக்ல போனது வந்திரும். ரெட்டைக் கட்டணம் வராது, அப்ப உங்க டேக்ல காசு இல்லைல்லா" என்றார்.

கறுத்த துண்டைக் காட்டினேன். சிரித்துவிட்டார். "இது சூட்டுல எழுத்து விழுற தாளு சார். லேமினேஷன் மிஷின்ல விட்டா மொத்தமும் கறுத்துரும்."

எனக்கு முகம் செத்துவிட்டது. போனைத் தோண்டிப் பார்த்தேன். இருப்பு குறைவு என்று மூன்று மெசேஜ்கள் வந்து கிடந்தன. ஒன்றையும் நான் திறக்கவில்லை. அங்கேயே நின்று வங்கி ஆப்பில் அந்தக் கழிவைத் தேர்ந்தெடுத்து, ரொக்கமாகவும் கட்டியாயிற்று என்று எழுதி, நகலைப் படமெடுத்து இணைத்துப் புகாரை அனுப்பினேன். சில நாட்களில் அந்தப் பணம் டேக் கணக்கில் திரும்ப ஏறியது.

ஆனால் நான் அதுவரை காத்திருக்கவில்லை. டோல்கேட்டிலிருந்து நேரே ஆழ்வார்திருநகரிக்கு வண்டியை விட்டேன். வாசலில் நின்றே சொன்னேன்: "தப்பு எம்மேலதான் வே. மெசேஜைப் பாக்காம விட்டதும் நான், ஓம்மைத் திருடன்னு சொன்னதும் நான். மன்னிச்சிரும்." அவர் கட்டிய பணத்தையும் நகலையும் நீட்டினேன்.

பணத்தை வாங்கிக்கொண்டார். நகலைத் திருப்பித் தந்தார். "இந்தத் தாளு கிடைக்கலைன்னா நான் இன்னைக்கும் திருடன்தான அண்ணாச்சி?" என்று கேட்டார்.

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார். அதன்பிறகு ஒரு தடவைகூட டேக் பிளாக் ஆனதில்லை. அந்த விஷயத்தில் நான் திருந்திவிட்டேன். ஆனால், முன்பெல்லாம் வழியில் என்ன செலவு வந்தாலும் கையிலிருந்து போட்டுவிட்டு வந்து சொல்லுகிறவர், இப்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டு எனக்குப் போன் போடுகிறார்.

"பஞ்சர் ஒட்ட எரநூறு கேக்கான் அண்ணாச்சி. கொடுக்கட்டுமா?"

"இதையெல்லாமா வே கேப்பீரு? கொடும்!"

"கேட்டுக்கிட்டா நல்லதுதான அண்ணாச்சி" என்பார், மரியாதையாகத்தான்.