ஊது அக்காவின் தொண்ணூறு நொடி

கல் பட்டறைகளில் என் அக்காவுக்கு "ஊது அக்கா" என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அங்கே போய் அதைச் சொல்லிக் கேட்டால், அப்படி யாரும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு கருவி, அதில் செருக ஒரு அட்டைக் குழாய், மூக்கை அடைக்க ஒரு கிளிப். இவ்வளவுதான் அவளுடைய ஆயுதங்கள். கல் அறுப்பவர்களை ஸ்டூலில் உட்கார வைத்து, "இழுங்க, இழுங்க, இப்ப ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இருக்கு!" என்று தொண்டை கிழியக் கத்துவாள். ஆளுக்குக் குறைந்தது மூன்று முறை. ஒரு நாளில் பத்துப் பேரை ஊத வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளுக்குத்தான் மூச்சு வாங்கும். "உன்னை யாரு ஊத வச்சா?" என்று கேட்பேன். செருப்பு பறந்து வரும். குறி எப்போதும் தப்பும். வேண்டுமென்றேதான் தப்ப விடுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியின் மூச்சுப் பிரிவில் அவளுக்கு ஆராய்ச்சி உதவியாளர் வேலை. ஒரு வருட ஒப்பந்தம், அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. அம்மா, அக்கா, நான் என்று மூன்று பேர் இருக்கும் வீட்டில் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். அம்மாவுக்கு முழங்கால் போய்விட்டது. நான் பத்தாம் வகுப்பில் பாடங்களோடு பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டவள்.

வேலையைக் காப்பாற்ற ஒரே ஒரு வழி இருந்தது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் வேலையை ஆளுயரத் தாளில் அச்சடித்துப் பலகையில் ஒட்டி, பக்கத்தில் நின்று விளக்குகிற கண்காட்சி ஒன்று வந்தது. எதுவும் தெரியாத ஒருவருக்குத் தொண்ணூறு நொடியில் யார் மிக நன்றாகப் புரியவைக்கிறார்களோ, அவர்களுக்கு இன்னொரு வருடத்துக்கான வேலை.

எதுவும் தெரியாத ஒருவர் வேண்டும் என்றதும் அக்கா என்னைத்தான் பார்த்தாள்.

"ஏன் என்னைப் பார்க்கற?"

"தேடி அலைய வேண்டாமேன்னு."

மூன்று வாரம் சமையலறையில் ஒத்திகை நடந்தது. போஸ்டரைச் சின்னதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தாள். நான் கைப்பேசியில் நேரத்தை ஓடவிட்டுக்கொண்டு, போகிற வருகிற பார்வையாளராக நடிப்பேன். ஒரு நாள் கொட்டாவி விடுகிறவள், ஒரு நாள் "கழிப்பறை எந்தப் பக்கம்?" என்று நடுவில் கேட்கிறவள், ஒரு நாள் காது கேட்காத பெரியவர். முதல் தடவை மூன்று நிமிடம் பத்து நொடி ஆனது. சராசரி, பிழை வரம்பு என்று ஆரம்பித்தாள். நான் குறட்டை விட்டேன். "ஒரு கேள்வி, ஒரு படம், ஒரு பதில். அதுக்கு மேல வாயைத் திறக்காதே" என்று அவளுடைய பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். வெட்டி வெட்டித் தொண்ணூற்றேழு நொடிக்குக் கொண்டுவந்துவிட்டாள். மிச்சம் ஏழு நொடி. அது எங்கேயும் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது.

"நடுவுல ஒண்ணு சொல்றியே, அதை எடு" என்றேன்.

"எது?"

"'அன்னைக்கு வேலைக்கு வந்திருந்தவங்களை மட்டும்தான் அளந்தோம், வேலையை விட்டுப் போனவங்க இதுல இல்ல.' வராதவனை எவன் தேடப் போறான்? கேக்கும்போதே தூக்கம் வருது."

அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அது போஸ்டர்ல கீழே சின்ன எழுத்துல இருக்கு."

"இருக்குல்ல? அப்ப வெட்டு."

வெட்டினாள். சரியாகத் தொண்ணூறு. நாங்கள் இருவரும் கை தட்டிக்கொண்டோம்.

கண்காட்சி ஒரு கல்லூரிக் கூடத்தில் நடந்தது. வரிசையாகப் பலகைகள். மின்விசிறி ஓடினால் தாள்கள் படபடக்கின்றன என்று நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் அவரவர் ஆராய்ச்சிக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். நடுவர்கள் ஐந்து பேரும் வெளி ஆட்கள்: காவலாளி, கேண்டீன் சமையல்காரம்மா, தோட்டக்காரர், ஜெராக்ஸ் கடைக்காரர், விருந்தினர்களை ஏற்றிவந்த வேன் டிரைவர். ஆளுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர். புரிந்த போஸ்டரில் அதை ஒட்ட வேண்டும். நான்கு பேர் சுற்றி முடித்தபோது அக்காவுக்கு இரண்டு, பக்கத்துப் பலகையில் கொசுப்புழு ஆராய்ச்சி செய்த பையனுக்கு இரண்டு. கொசுவும் நாங்களும் சமம்.

கடைசியாக வேன் டிரைவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கசங்காத சட்டை. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். பின்னால் பெரிய டாக்டரும், கையில் கடிகாரத்தோடு கண்காட்சியை நடத்தும் குழுவின் தலைவியும். அக்கா ஆரம்பித்தாள்.

"அண்ணே, கல்லு அறுக்கற இடத்துல மாவு மாதிரி தூசி பறக்கும். அது நெஞ்சுக்குள்ள போய் என்ன பண்ணுது? அதான் எங்க கேள்வி. மூச்சை முழுசா இழுத்து ஒரே மூச்சா ஊதினா, முதல் ஒரு நொடியில எவ்வளவு காத்து வெளிய வருது? அதை இருநூத்திப் பன்னிரண்டு பேருக்கு அளந்தோம். இந்தப் படத்தைப் பாருங்க. கீழே இருக்கறது வேலை பார்த்த வருஷம். மேலே போகப் போக நல்ல மூச்சு. அவங்கவங்க வயசுக்கும் உயரத்துக்கும் வரவேண்டிய மூச்சு நூறுன்னு வச்சுக்கோங்க. அஞ்சு வருஷத்துக்குள்ள இருக்கறவங்களுக்குத் தொண்ணூத்தி நாலு. எட்டு வருஷம் வரைக்கும் எண்பத்தஞ்சு. பத்தை நெருங்கினா எழுபத்தெட்டு. அதுக்கு மேலே பாருங்க, கோடு இறங்கல. எண்பத்தாறுக்கு ஏறுது. அதனால முதல் பத்து வருஷம்தான் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். தண்ணி விட்டு அறுக்கணும், முகமூடி போடணும். அவ்வளவுதாண்ணே."

எண்பத்தெட்டு நொடி. வார்த்தை பிசகவில்லை. நான் தூணுக்குப் பின்னால் நின்று இடுப்பை ஆட்டி ஒரு சின்ன நடனம் ஆடினேன்.

டிரைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "இவ்வளவு தெளிவா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லம்மா" என்றார். ஸ்டிக்கரை உரித்துக்கொண்டே பேசினார். "என் பையன் பட்டறையிலதான் இருக்கான். எட்டு வருஷம் ஆச்சு. ராத்திரியெல்லாம் இருமல். விட்டுடறேன், விட்டுடறேன்னு என் உயிரை எடுக்கறான். சோம்பேறி நாயேன்னு நேத்துகூட திட்டினேன். இன்னும் ரெண்டே வருஷம், பல்லைக் கடிச்சுட்டு ஓட்டிட்டான்னா அப்புறம் தானா சரியாயிடும், இல்லையா? இன்னைக்கே போய்ச் சொல்லிடறேன்."

சிவப்பு வட்டம் அவர் விரல் நுனியில் ஒட்டியிருந்தது. பலகைக்கும் அதற்கும் ஒரு சாண் தூரம். அக்கா பேசாமல் இருந்தால் போதும். உலகத்தில் சும்மா இருப்பதைப் போல எளிதான வேலை இல்லை. எனக்கு அதில் நல்ல அனுபவம் உண்டு.

"அண்ணே, நில்லுங்க" என்றாள் அக்கா.

"நேரம் முடிஞ்சாச்சு" என்றார் குழுத் தலைவி.

"தெரியும் மேடம். அண்ணே, ஒரு விஷயத்தை விட்டுட்டேன். நாங்க காலையில பட்டறைக்குப் போய், அன்னைக்கு வேலைக்கு வந்தவங்களை மட்டும்தான் ஊத வச்சோம். மூச்சு முட்டி வேலையை விட்டவங்க வீட்டுல படுத்திருப்பாங்க. சில பேர் செத்தும் போயிருப்பாங்க. அவங்க யாரும் இந்தப் படத்துல இல்ல. பத்து வருஷம் தாண்டியும் நிக்கறவங்க யாரு? எப்படியோ தாக்குப்பிடிச்ச நாலு பேரு. அதனாலதான் கோடு ஏறுது. யாருக்கும் நெஞ்சு சரியானதால இல்ல."

டிரைவர் படத்திலிருந்த கோட்டைப் பார்த்தார். பிறகு அக்காவை. "அப்ப பத்து வருஷத்துக்கு மேலே சரியாகுங்கறது?"

"ஆகாதுண்ணே. அந்தத் தூசி உள்ளே போனா போனதுதான். பையனை நாளைக்கே நிறுத்துங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க, ஊத வச்சு, எக்ஸ்ரே எடுத்துப் பாக்கணும்."

"முதல்ல ஒண்ணு சொன்னே. இப்ப ஒண்ணு சொல்றே." அவர் குரல் ஏறியது. "எதும்மா நிஜம்? தெரியாதவன்னு வச்சு விளையாடறியா? நான் இப்பவே போயிருந்தா?"

பெரிய டாக்டர் முன்னால் வந்து, "ஐயா, அதெல்லாம் கீழே தெளிவா எழுதியிருக்கோம்" என்று விரலால் காட்டினார். டிரைவர் குனிந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். கண்ணாடி வேனில் இருந்தது போலிருக்கிறது. நிமிர்ந்து, இரண்டடி நகர்ந்து, ஸ்டிக்கரைக் கொசுப்புழுவின் மேல் அழுத்தி ஒட்டிவிட்டுப் போனார். அந்தப் பையன் எதையும் விளக்கக்கூட இல்லை.

கூடம் காலியானதும் பெரிய டாக்டர் மெதுவாகத்தான் பேசினார். "எழுதி வச்சது போதாதா? எல்லாத்தையும் தொண்ணூறு நொடியில சொல்ல முடியுமா?"

"இதைச் சொல்லியிருக்கணும் சார்" என்றாள்.

பஸ்ஸில் போஸ்டரைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஏழு நொடியை வெட்டச் சொன்னவள் நான். அவள் திட்டியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்தாள். அது அதைவிட மோசம். அவள் தோளில் தூங்கி விழுவதாக நடித்தேன். அவளும் நம்புவதாக நடித்தாள்.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு அவர்கள் வந்தார்கள். கணக்குப் பார்த்து ஒப்படைக்க அக்கா கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் அட்டைக் குழாய்களை எண்ணுகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவளோடு இருந்தேன். வாசலில் டிரைவர். பின்னால் அவருடைய பையன், என்னைவிடப் பத்து வயது மூத்தவன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு மாடிதான் ஏறி வந்திருந்தார்கள்.

அக்கா பெட்டியைத் திறந்தாள். கிளிப்பை மாட்டினாள். வழக்கமாகக் கத்துகிறவள் அன்று கத்தவில்லை. "இழுங்க தம்பி. இப்ப ஊதுங்க. இன்னும் கொஞ்சம்." முதல் தடவை பாதியில் இருமல் அறுத்துவிட்டது, அது கணக்கில் சேராது. மறுபடி. மறுபடி. நான்காவது ஊதலுக்கு அவன் உதடு நீலமாகிவிட்டது. மூன்று சரியான ஊதல் கிடைத்ததும் போதும் என்றாள்.

திரையில் எண் வந்தது. ஐம்பத்தொன்று.

"நூத்துக்கா?" என்றார் டிரைவர். படத்தைப் பார்த்தவர்தானே.

"ஆமாண்ணே."

"பட்டறையை விட்டுட்டான். அன்னைக்கு ராத்திரியே நிறுத்திட்டேன். இனிமே ஏறுமா?"

"ஏறாது. இறங்கறது மெதுவாகலாம். சில பேருக்கு நிறுத்தினாலும் இறங்கும். டாக்டர் பாத்துச் சொல்லுவாரு."

அவர் தலையாட்டினார். நன்றி சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. பையனின் முதுகில் கை வைத்து எக்ஸ்ரே அறைப் பக்கம் நடத்திக்கொண்டு போனார். ஐந்தடிக்கு ஒருமுறை நின்றார்கள்.

அக்கா பதிவேட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினாள். மேலே, கொட்டை எழுத்தில், "வேலையை விட்டவர்கள்" என்று எழுதினாள். அதன் கீழே அவன் வயது, உயரம், வருடம், எண். ஒரே ஒரு வரி. அடுத்த வரியை எழுத, அடுத்த மாதம் அவளுக்கு அங்கே வேலை இல்லை.