குற்றப் பத்திரிகையில் நான் எழுதிய ஒரு வரி

அந்த ஷிப்ட் சூப்பர்வைசரை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடமதுரைப் பக்கத்து நூற்பாலை ஒன்றில் நான் பணியாளர் பிரிவு அதிகாரி. அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தால் வாசலிலேயே நின்றுகொண்டு, "ஏசி ரூம்ல இருக்கவங்களுக்கு மிசின் சத்தம் எங்க கேக்கப்போவுது" என்பார். பிறர் சிரிப்பார்கள். நான் அதைக் கணக்கு வைத்துக்கொள்வேன்.

அதனால் கம்ப்யூட்டர் பிரிவிலிருந்து அவரைப் பற்றி அறிக்கை வந்த அன்று எனக்கு உள்ளூர மகிழ்ச்சிதான். கம்பெனி லேப்டாப்பில், வேலை நேரத்தில், தாடிக்கொம்பு ரோட்டில் வீட்டுமனை விற்கும் விளம்பரங்களைப் போட்டிருக்கிறார். கம்பெனி கொடுத்த செல்போனிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழெட்டு வெளி எண்களுக்குப் பேசியிருக்கிறார். எண்களைப் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி பெண்கள் பெயர்.

ஜி.எம். அறிக்கையை முழுதாகப் படிக்கவில்லை. "ஆளத் தூக்கிருங்கம்மா. பேப்பர் மட்டும் சரியா இருக்கணும்" என்றார்.

பேப்பர் சரியாக இருப்பதில் நான் கெட்டிக்காரி. தற்காலிகப் பணிநீக்க உத்தரவும் குற்றப் பத்திரிகையும் அன்றைக்கே தயார். கம்பெனி சொத்தைச் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தியது, வேலை நேரத்தில் கடமை தவறியது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். அதோடு நிறுத்தியிருக்கலாம். 'பல பெண்களுடன் சந்தேகத்திற்கிடமான தொடர்பு வைத்துக்கொண்டு' என்று ஒரு வரியும் சேர்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. அந்த வரியை எழுதும்போது கை நன்றாகவே ஓடியது.

அவர் நேரில் வாங்க மறுத்தார். வழக்கப்படி பதிவுத் தபாலில் வீட்டுக்கு அனுப்பினேன். ஒப்புகை அட்டையில் அவர் மனைவியின் கையெழுத்து இருந்தது. அதை ஃபைலில் குத்தி வைத்தேன்.

அவரிடமிருந்து வாங்கிய போனும் லேப்டாப்பும் என் பீரோவுக்கு வந்தன. போனை அணைக்க வேண்டாம் என்றார் ஜி.எம். "எவ எவ கூப்புடுறான்னு பாருங்க. விசாரணைக்கு ஒதவும்."

நாலாம் நாள் சாயங்காலம் அந்தப் போனில் ஒரு மிஸ்டு கால் வந்தது. திருப்பி அழைத்தேன். நாற்பது வயதுக்கு மேற்பட்ட குரல்.

"சூப்பர்வைசர் அய்யாங்களா?"

"நீங்க யாரு?"

"நான் தொப்பம்பட்டிப் பக்கமுங்க. எம் புள்ள உங்க மில்லு ஹாஸ்டல்ல இருக்குதுங்க. காய்ச்சல்னு சொன்னா. நாலு நாளா பேச்சே இல்லீங்க. அய்யா போனைக் குடுப்பாருங்க, அவ ரெண்டு வார்த்தை பேசுவா."

"இந்த நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சது?"

"நீங்க குடுத்த சீட்டுலதானுங்க இருக்குது."

போனை வைத்துவிட்டு ஹாஸ்டல் சேர்க்கைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். 'அவசரத் தொடர்புக்கு' என்ற இடத்தில் அதே எண். எங்கள் பிரிவு அச்சடித்த சீட்டு, என் சீல். அப்புறம்தான் நினைவு வந்தது. வார்டனின் போன் பழுதானபோது, புதுசு வாங்கும்வரை இருக்கட்டும் என்று ஷிப்ட் சூப்பர்வைசரின் இந்தக் கம்பெனி எண்ணைப் போடச் சொன்னவள் நானே. புதுசு வாங்கவே இல்லை. ஹாஸ்டல் பிள்ளைகளின் செல்போன்களை வாரம் முழுக்க வாங்கிப் பூட்டி வைப்பது எங்கள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருவோம். அப்படியிருக்க, அம்மாக்கள் வேறு எந்த எண்ணுக்குத்தான் அடிப்பார்கள்?

எனக்கு வந்தது வருத்தமில்லை, ஆத்திரம். இதை ஏன் அந்த மனிதர் சொல்லவில்லை? பிறகு குற்றப் பத்திரிகைக்கு வந்த பதிலிலும் 'குற்றச்சாட்டுகளை மறுக்கிறேன்' என்று ஒற்றை வரிதான் எழுதியிருந்தார். விசாரணைத் தேதிக்கான கடிதத்தை வாங்க மில் வாசலுக்கு வந்தபோது அதையே கேட்டேன்.

"சொன்னா என்ன செய்வீங்க? அந்தப் புள்ளைகளக் கூப்ட்டு வச்சு விசாரிப்பீங்க. ஷிப்ட்ல மிசினை விட்டுட்டுப் பேசுனதுக்கு அதுகளுக்கும் ஒரு மெமோ. நீங்க செய்யாத ஆளா?"

செய்யாத ஆள் இல்லை நான்.

"மனை வெளம்பரம் போட்டது நெசம். அதுக்கு என்ன உண்டோ குடுங்க, வாங்கிக்கிறேன். ஆனா நீங்க எழுதுன அந்த வரிய எம் பொண்டாட்டி படிச்சுட்டா. அம்மா வீட்டுக்குப் போயிட்டா. போதுமா?"

ஜி.எம்.மிடம் சீட்டைக் காட்டினேன். தள்ளி வைத்தார். "அது வேற, இது வேற. அவனே எடுக்கல, நீங்க ஏன் எடுக்குறீங்க? நீங்க யாரு பக்கம்?"

"உங்க பக்கந்தான் சார். நாளைக்கு லேபர் கோர்ட்ல இந்தச் சீட்டு வந்தா, நின்னு பதில் சொல்றது நாந்தான்." பாதி உண்மை அது. மீதிப் பாதியை அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை.

விசாரணை அதிகாரியாகத் திண்டுக்கல்லிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். நிர்வாகத் தரப்பில் ஆவணங்களைத் தாக்கல் செய்வது என் வேலை. போன் பில், லேப்டாப் அறிக்கை, கடைசியாக அந்தச் சீட்டு. பிள்ளைகள் யாரையும் சாட்சிக்கு அழைக்கவில்லை. சூப்பர்வைசர் என்னை முறைத்துப் பார்த்தார். இதில் என்ன சூழ்ச்சி என்று தேடியிருப்பார்.

வக்கீல் என்னையே கேட்டார். "கம்பெனி சாதனங்களை எதுக்குப் பயன்படுத்தலாம், எதுக்குக் கூடாதுன்னு இவருக்கு எழுத்துல குடுத்திருக்கீங்களா?"

"லேப்டாப்புக்குக் கையெழுத்து வாங்கியிருக்கோம். போனுக்கு இல்ல."

"முன்னாடி எச்சரிக்கை ஏதாவது?"

"இல்ல."

லேப்டாப் குற்றம் நிரூபணம், போன் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். தண்டனையை முடிவு செய்வது நிர்வாகம். ஜி.எம். அப்போதும் டிஸ்மிஸ் என்றே நின்றார். முன்பு ஒரு மெமோகூட வாங்காதவரை மனை விளம்பரத்துக்காக வேலையைவிட்டு அனுப்பினால் கோர்ட்டில் நிற்காது, கண்டனமும் ஒரு வருட இன்கிரிமென்ட் நிறுத்தமும் போதும் என்று குறிப்பு எழுதி வைத்தேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு கையெழுத்துப் போட்டுக் குறிப்பை மேஜைமேல் வீசினார்.

உத்தரவை வாங்க சூப்பர்வைசர் வந்தார். படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். போனை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"இதுல யாரு யாருகிட்டப் பேசலாம்னு எழுதிக் குடுங்க, அப்பறம் வாங்குறேன். இன்கிரிமென்ட் போனாப் போவுது. அந்தப் பொம்பளைங்க வரி இருக்குல்ல, அது தப்புன்னு ஒரு பேப்பர் குடுங்க. நான் போய்க் கூப்ட்டா வர மாட்டேங்குறா."

"உத்தரவுலயே இருக்கே, நிரூபிக்கப்படலைன்னு."

"நிரூபிக்கப்படலைன்னா, செஞ்சான், மாட்டலைன்னுதான் வீட்ல அர்த்தம்."

ஜி.எம்.மைக் கேட்டேன். கம்பெனி மன்னிப்புக் கடிதம் கொடுக்காது என்று ஒரே வார்த்தை. ஜி.எம். கிளம்பியதும் என் லேப்டாப்பைத் திறந்தேன். ஹாஸ்டல் பிள்ளைகளின் தாய்மார்கள் பேசிய எண்கள் அவை, அந்த எண்ணை அவர்களுக்குக் கொடுத்தது எங்கள் அலுவலகம், அந்த வரியை விசாரிக்காமல் எழுதியது நான், அது பொய் என்று சூப்பர்வைசரின் மனைவிக்கு எழுதினேன். கம்பெனி லேப்டாப், கம்பெனி பிரின்டர், கம்பெனி தாள். வேலை நேரம் வேறு. குற்றப் பத்திரிகை எழுதத் தெரிந்த எவரும் என்மேல் அன்றே எழுதியிருக்கலாம்.

சூப்பர்வைசர் நின்றபடியே இரண்டு முறை படித்தார். நன்றி சொல்லவில்லை. முகமும் இளகவில்லை.

"சீல் இல்லையே" என்றார். "வீட்டுக்கு வந்த அந்தப் பேப்பர்ல சீல் இருந்துச்சு."

சீலை எடுத்துக் குத்திக் கொடுத்தேன்.