தட்டோடு ஒட்டிய எண்ணெய்

மண்ணூர் மாரியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் நான்தான் எழுத வேண்டும், ஏனென்றால் அவன் பெயரைக் கெடுத்ததே நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்துநாலில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு வார்னிஷ் ஆலை. நான் அங்கே லேப் சூப்பர்வைசர், பெயர் பெரியநாயகம். காய்ச்சி ஆறிய எண்ணெய் குமிழ் அடங்குவதற்காக ஒரு மீட்டர் அகலமான சாய்வுத் தட்டில் மெல்லிய படலமாக வழிந்து கீழ்த் தொட்டியில் விழும். அந்தத் தட்டும் தொட்டிச் சாவியும் மாரியின் பொறுப்பு. ஏழு வருஷத்தில் ஒரு நாள் லேட்டாக வந்தவனில்லை. வல்லக்கோட்டை முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருப்பான். ஷிப்ட் முடிந்தால் தட்டை அவ்வளவு பளபளப்பாகத் துடைப்பான், அதில் முகம் பார்த்துத் தலை சீவலாம்.

தட்டுக்கு வரும் குழாயில் மீட்டர் கிடையாது. எவ்வளவு எண்ணெய் போகிறது என்று கண்டுபிடி என்றார் மேனேஜர் கோதண்டராமன். நான் படித்தவனில்லையா, மார் தட்டிக்கொண்டு இறங்கினேன். திருகித் திருகி இறக்கும் அளவு ஊசியால் படலத்தின் தடிமனை அளந்தேன். மேலே ஒரு சிட்டிகை அலுமினியத் தூளைத் தூவி, அது ஓடும் வேகத்தை ஸ்டாப்வாட்ச்சில் பிடித்தேன். வேகம், தடிமன், அகலம் மூன்றையும் பெருக்கினேன். மணிக்கு முந்நூறு லிட்டர் வந்தது. ஒரு மணி நேரத்தில் தொட்டியில் சேர்ந்ததோ இருநூறு. ஓட்டத்தைக் குறைத்தேன். கணக்கு நூற்றைம்பது, தொட்டி நூறு. ஒரு வாரம் முழுக்க மூன்றில் ஒரு பங்கு காணவில்லை.

சாவி மாரியிடம். அவ்வளவுதான், திருடன் யாரென்று தெரிந்துவிட்டது.

மேனேஜர் அறையில் மாரி அழவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினான்.

"சார், நீ மேல ஓடுறத்த பாக்குற. அடியில எண்ணெ அப்டியே தட்டோட ஒட்டிக்கினு நிக்குது சார். தெனம் நான்தான தொடைக்கிறேன்? வந்து ஒரு வெரல வெச்சிப் பாரு."

"தட்டுல எண்ணெய் நிக்குமா? நின்னா எப்படிப்பா கீழ போகும்?" என்று சிரித்தேன். மேனேஜரும் சிரித்தார்.

கற்பூரம் ஏற்றி அணைத்துச் சத்தியம் பண்ணுகிறேன் என்றான். "கற்பூரம் எல்லாம் வேணாம், நம்பர் பொய் சொல்லாது" என்றேன். அன்றைக்கே அவனை வெளியே அனுப்பினார்கள். இந்த நாக்கு அழுகியிருக்கக் கூடாதா?

மூன்று வருஷம் கழித்து எஞ்சினியரிங் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து உட்கார்ந்தால், சாய்வுத் தளத்தில் வழியும் படலம் பற்றிய கணக்கு. எண்ணெயின் எடை சரிவில் கீழே இழுக்கிறது, பிசுபிசுப்பு பிடித்து நிறுத்துகிறது. இரண்டும் சமமாக நிற்பதுதான் நிலையான ஓட்டம். தட்டைத் தொடும் எண்ணெயின் வேகம் பூஜ்யம். காற்றைத் தொடும் மேற்பரப்பில் உராய்வு பூஜ்யம். இந்த இரண்டையும் வைத்துச் சமன்பாட்டை இரண்டு முறை தொகையிட்டால், அடியில் பூஜ்யமாகத் தொடங்கி மேலே போகப் போகக் கூடும் வேகம் ஒரு பரவளையமாக வருகிறது. சராசரி எடுத்தேன். நான் தூள் தூவி அளந்த மேற்பரப்பு வேகத்தில் மூன்றில் இரண்டு. தோராயமாக அல்ல, சரியாக மூன்றில் இரண்டு. தடிமன், சரிவு, பிசுபிசுப்பு, எதை மாற்றினாலும் அது மாறாது.

பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். முந்நூறுக்கு இருநூறு. நூற்றைம்பதுக்கு நூறு. ஒரு சொட்டுக்கூடத் திருடு போகவில்லை. ஓட்டம் கூடினாலும் குறைந்தாலும் அதே பங்கை அளந்து திருடுகிற திருடன் உலகத்தில் உண்டா? அந்தச் சின்ன யோசனைகூட எனக்கு வரவில்லை.

மேனேஜரிடம் ஓடினேன். "பழசக் கிளறாதய்யா" என்றார். கணக்கு எழுதிய தாளோடு மண்ணூருக்குப் போனேன். வாசலில் மாரியின் மனைவி கங்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். மாரி செத்துப்போய் எட்டு மாசம் ஆகிவிட்டதாம்.

"எங்கயும் வேல குடுக்கல சார். எண்ணெத் திருடன்னு பேராயிடுச்சி. கோயிலுக்குப் போறத்த வுட்டாரு, அப்பால சோத்த வுட்டாரு" என்றாள்.

தாளை நீட்டினேன். மாரி சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது, எண்ணெய் அடியில் ஒட்டித்தான் நிற்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னேன். அவள் தாளை வாங்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தாள்.

"அது எனக்குத் தெரியும் சார். தெனம் வந்து சொல்லுவாரு. ஒன்னியும் வெரல வெச்சிப் பாக்கச் சொன்னாராமே. ஏன் சார் வெக்கல?"

கை பிசுபிசுக்கும் என்றுதான் வைக்கவில்லை.