சாம்பிளுக்குப் பன்னிரண்டு கல்

நான் கட்டட மேஸ்திரி. எனக்குத் தரைக்கல் செய்து தந்தவர் ஆத்தங்குடியில் பட்டறை வைத்திருந்த அக்காள் கணவர். கொத்தமங்கலத்து வீட்டில் பாதித் தரை முடிந்திருந்தபோது அவர் இறந்துவிட்டார். மீதிக்கு ஒரு புதுப் பட்டறையைத் தேடிப் போனேன்.

அவர் செய்த கல் ஒன்றைக் கொடுத்து, “முதல்ல சாம்பிளுக்குப் பன்னிரண்டு கல்லு குடுங்க. எட்டு அங்குலம், முக்கால் அங்குல கனம், நிறம், பூ டிசைன் எல்லாம் இதேதான். தண்ணியில நல்லா ஊறியிருக்கணும். மூணு வாரத்துல வேணும். சரியா இருந்தாத்தான் மீதி ஆர்டர்” என்றேன்.

சொன்ன நாளில் கற்கள் அக்காள் வீட்டுத் திண்ணையில் வந்து இறங்கின. குறை கண்டுபிடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஓரம், கனம், பூ, எதிலும் ஒன்றும் சிக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

அக்காள் ஒரு கல்லை எடுத்து முந்தானையால் துடைத்தாள். “அவுக செஞ்சதுல மிச்சம் இருந்துச்சா தம்பி?”

“ஆமாக்கா” என்றேன்.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தரையில் பதினொன்றைத்தான் பதித்தேன்.