சிவப்பாகவே இருக்கட்டும்

யும்னாவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். "எழுது லா. ஆனா என்னைத் தியாகி மாதிரி காட்டிடாத, தெரிஞ்சவங்க சிரிப்பாங்க" என்றாள். அந்தக் கவலையே அவளுக்கு வேண்டாம். அவளைத் தியாகியாகக் காட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது.

வீடு சிங்கப்பூரில், தெம்பனிஸ் வட்டாரத்தில். கணவர் அதீஃபுக்குத் துறைமுகத்தில் வேலை. யும்னா பல வருடம் மனநல வார்டில் தாதியாக இருந்தவள். தேக்காச் சந்தையில் மீன் வாங்கப் போனால் பழைய நோயாளிகளின் வீட்டார் இன்றைக்கும், தாதிகளை இங்கே அழைக்கிற வழக்கப்படி, "மிஸ்ஸி!" என்று கூப்பிட்டு நலம் விசாரிப்பார்கள். பிறகு அவள் ஃபேரர் பார்க் பக்கம் நான் வேலை பார்க்கும் ஆலோசனை நிலையத்தில் சேர்ந்தாள். இருவரும் வேலை பார்த்துக்கொண்டே முதுகலை படித்தோம். வகுப்பில் என் பக்கத்து நாற்காலி அவளுடையது, என் டப்பாவில் இருந்த வடையும் அவளுடையது. விரிவுரையாளர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். தன்மேல் அவளுக்குச் சந்தேகம் வந்து நான் பார்த்ததே இல்லை. அப்படிப்பட்டவள் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதோ சந்தேகமே நோயாகிப் போனவர்களை.

வேண்டாத எண்ணங்கள் வந்து பிடித்துக்கொள்ளும் நோய் அது. குழந்தையைத் தூக்கி வைத்திருக்கும் தாய்க்குக் 'கீழே போட்டுவிடுவேனோ' என்று தோன்றும். தொழும்போது கெட்ட வார்த்தை மனத்தில் ஓடும். செய்யவே மாட்டாத ஆட்களுக்குத்தான் அது இத்தனை பயமாக இருக்கிறது. 'நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை' என்று நிச்சயம் செய்துகொள்ளத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பார்கள், மற்றவர்களிடம் கேட்பார்கள். பதில் கிடைத்ததும் சற்று நேரம் நிம்மதி, பிறகு பழையபடி சந்தேகம்.

இவர்களோடு யும்னா செய்தது ஐ.பி.ஏ. என்ற வகை ஆய்வு. முழுப் பெயரைத் தமிழில் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். சில பேரை மட்டும் உட்கார வைத்து நிதானமாகப் பேசவிட வேண்டும். பேசியதை மௌனம், சிரிப்பு உட்பட அப்படியே எழுத்தாக்க வேண்டும். தனக்கு நேர்ந்ததை அந்த மனிதர் எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று நாம் புரிந்துகொள்ள முயல வேண்டும். ஒவ்வொருவரையும் தனித்தனியாக முடித்த பிறகே ஒருவரோடு ஒருவரை வைத்துப் பார்க்கலாம். அவள் கண்டுபிடிப்பதெல்லாம் அவர்கள் பேச்சில் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. படித்ததைப் பற்றி வெளியே வாயைத் திறக்க மாட்டேன் என்று கையெழுத்தும் போட்டிருந்தேன்.

அவர்களில் ஒருவர், லிஃப்ட் பழுதுபார்க்கும் ஐம்பது வயதுக்காரர். ஆய்வுக்கென்று 'மாசிலாமணி' என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். உண்மைப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தொழிலையும் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் மின்னஞ்சல்கள் உட்பட எல்லாவற்றையும் இங்கே எழுத, யும்னா மூலம் அவரிடம் சம்மதம் வாங்கிவிட்டேன்.

அவருடைய பேட்டியில் ஓர் இடம்:

"ரயில் வருது மிஸ்ஸி. முன்னால ஒரு அம்மா, சிவப்புக் குடையோட. தள்ளிடுவேனோன்னு வந்துச்சு. [நீண்ட மௌனம்] பிளாட்ஃபார்ம் ஓரத்துக் கண்ணாடிக் கதவு மூடித்தான் இருக்கு, எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியுமா? ரெண்டு கையையும் பாக்கெட்ல போட்டுக்கிட்டேன். [சிரிக்கிறார்] போலீஸ் திருடனைப் பிடிச்சு வச்ச மாதிரி."

யும்னா இதைத் திரும்பத் திரும்பப் படித்து ஓரத்தில் குறித்துக்கொண்டே போனாள். 'எனக்கு' ஓர் ஆள், 'என் கை' இன்னோர் ஆள். பயம் உச்சத்தில் இருக்கும் இடத்தில்தான் சிரிப்பு வருகிறது. பிடிப்பவரும் அவரே, பிடிபடுபவரும் அவரே. இப்படி எழுதி, சேர்த்து, பிரித்து, கடைசியில் 'நானே காவல், நானே கைதி' என்று ஒரு கருப்பொருளுக்கு வந்தாள். நான் அதை அசைத்துப் பார்த்தேன், அசையவில்லை. ஆய்வின் உயிரே அங்கேதான் இருந்தது.

தவறு அடுத்துத்தான் நடந்தது. பேட்டியின் எழுத்துப் படியைப் பேசியவருக்கே அனுப்பி, பிழை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்பதாக அவள் தன் திட்டத்தில் எழுதியிருந்தாள். பலரும் செய்வதுதான். நெறிமுறைக் குழுவும் தலையாட்டியது, நானும் படித்துவிட்டுத் தலையாட்டினேன். சரிபார்ப்பதே நோயாக இருக்கும் மனிதரிடம், சரிபாருங்கள் என்று காகிதத்தை நீட்டினோம். இத்தனைக்கும் ஒருத்தி மனநலத் தாதி, இன்னொருத்தி ஆலோசகர்.

முதலில் ஒரு மின்னஞ்சல் வந்தது. 'குடை சிவப்பு இல்லை, மெரூன் என்று நினைக்கிறேன்.' யும்னா திருத்திவிட்டுப் பதில் போட்டாள்: 'திருத்திட்டேன் அண்ணே, கவலைப்படாதீங்க.' மறுநாள்: 'சிவப்பாகவும் இருந்திருக்கலாம்.' திருத்தினாள். அப்புறம், 'யாரையும் தள்ளியதே இல்லை என்று சொல்லிவிட்டேன், தொடக்கப்பள்ளியில் வரிசையில் ஒருவனைத் தள்ளியிருக்கிறேன், அப்படியானால் பொய் சொன்னவன் ஆகிவிடுவேனா?' இல்லை அண்ணே என்றாள். மழை பெய்ததா இல்லையா என்று ஒன்று. மழை இல்லாவிட்டால் அந்த அம்மா எதற்குக் குடை வைத்திருந்தார் என்று இன்னொன்று. சிங்கப்பூரில் குடை வைத்திருக்கக் காரணம் வேண்டுமா என்று நான் சிரித்தேன். அடுத்ததைப் படித்ததும் சிரிப்பு நின்றது. 'தூங்க முடியவில்லை மிஸ்ஸி. தப்பான ஒன்று என் பேரில் அச்சாகிவிடும்.'

"நீ பதில் போடப் போட அவர் கேட்டுக்கிட்டே இருக்கார்" என்றேன். "நிம்மதியை டோஸ் டோஸா குடுத்துக்கிட்டு இருக்க."

கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வார்டுல புதுசா வர்ற நர்ஸுக்கு முதல் நாளே இதைத்தான் சொல்லிக் குடுப்பேன், வைஷாலி. கேக்கிறப்பல்லாம் சமாதானம் சொல்லாதன்னு." அவளுக்கு வெட்கமாக இருந்தது. எனக்கும்தான், படித்துப் பார்த்துத் தலையாட்டியவள் நானும்தானே.

ஆனால் யும்னா யும்னாதான். அடுத்த மூச்சிலேயே, "ஆனா பாரேன், இந்த மெயில் எல்லாம் எப்பேர்ப்பட்ட டேட்டா! சந்தேகம் நம்ம கண்ணு முன்னாலயே நடக்குது" என்றாள்.

"பேட்டிக்குத்தான் சம்மதம் குடுத்தாரு, மெயிலுக்கு இல்ல. தொட்டா கையை முறிச்சிடுவேன்."

அன்றே மேற்பார்வையாளர் டாக்டர் ஸ்ரீநாத்திடம் போனாள். அவர் அதிகம் பேச மாட்டார். "குடை என்ன நிறம்னு நமக்கு எதுக்குமா? அந்தக் கை அவருக்கு என்னவா இருந்துச்சுன்னுதானே கேட்டோம்" என்றார். நெறிமுறைக் குழுவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னார். மற்றவர்களுக்குப் படி அனுப்புவது நின்றது. மாசிலாமணியின் பேட்டியை ஒதுக்கிவைத்துவிட்டு மற்றவர்களுடையதைப் பார்த்தாள். எல்லோரையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தொடங்கும் வரை அவர் விலகிக்கொள்ளலாம் என்பது ஒப்பந்தம். அவர் விலகினால் அந்தக் கருப்பொருளும் அவரோடு போய்விடும். அவரை நேரில் வரச் சொன்னாள்.

அங்கே நடந்ததை அவர் அனுமதியோடு எனக்குச் சொன்னாள். அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக, "நான் விலகிடலாம்னு பாக்குறேன் மிஸ்ஸி. விலகிட்டா தப்பே இருக்காதுல்ல?" என்றார்.

யும்னாவுக்குப் பளிச்சென்று தெரிந்துவிட்டது. கேட்பது அவர் இல்லை, அந்தச் சந்தேகம். ஆனால் அதைச் சொன்னால் 'போகாதே' என்று கையைப் பிடித்து இழுப்பதாகிவிடும். விலகும் உரிமையைக் காரணம் கேட்காமல் கொடுக்க வேண்டும், கேட்பது நோயாகவே இருந்தாலும். வகுப்பில் யார் கேள்விக்கும் காத்திராதவள், நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"தாராளமா விலகலாம் அண்ணே. காரணம் சொல்ல வேணாம். உங்க சிகிச்சைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல." கொஞ்சம் பொறுத்து, "ஒண்ணு மட்டும். குடை என்ன கலர், நீங்க சொன்னது சரியா தப்பான்னு இனிமே நான் பதில் சொல்ல மாட்டேன்" என்றாள்.

"நீங்கதானே மிஸ்ஸி செக் பண்ணச் சொன்னீங்க?" அவர் குரல் உயர்ந்தது.

"ஆமாண்ணே. என் தப்பு. செஞ்சிருக்கக் கூடாது. இதைப் பத்தி உங்க தெரபிஸ்ட்கிட்ட பேசுங்க. நீங்க சரின்னா நடந்ததை நானே அவங்ககிட்ட சொல்றேன்."

"சிவப்பா மெரூனான்னு மட்டும் சொல்லிடுங்களேன்."

யும்னா பதில் சொல்லவில்லை. அவர் கதவருகே நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அப்போதும் சொல்லவில்லை. அவர் போன பிறகு என் அறைக்கு வந்து, "பிரசவ வலியில கூட நான் இவ்வளவு அடக்கினதில்ல" என்று சொல்லிவிட்டு என் வடையை எடுத்துத் தின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவர் திரும்ப வரமாட்டார் என்றே நான் நினைத்தேன்.

வந்தார். சில வாரம் கழித்து, தன் சிகிச்சையாளரோடு பேசி முடிவெடுத்துக்கொண்டு வந்தார். நின்றபடியே சொன்னார்: "நான் அனுப்பின திருத்தம் எல்லாத்தையும் எடுத்துடுங்க. அன்னிக்கு வாய்ல வந்தது வந்ததாவே இருக்கட்டும்."

"குடை?"

"சிவப்பாவே இருக்கட்டும். தப்பா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்." அதைச் சொல்லும்போது அவருக்கு வேர்த்தது என்றாள் யும்னா.

ஆய்வேடு முடிந்தது. தமிழில் பேசியதைத் தமிழிலேயே அலசி, கடைசியில்தான் மேற்கோள்களை ஆங்கிலமாக்கினாள். காவலும் கைதியும் மற்றவர்கள் பேச்சிலும் வேறு வேறு வேடத்தில் இருந்தார்கள். கைக்குப் பதில் ஒருவருக்கு நாக்கு, இன்னொருவருக்குக் கண். எழுத்துப் படியை அனுப்பியது தன் தவறு என்று, அவருடைய சம்மதத்தோடு, ஆய்வாளரின் சுயபரிசீலனைப் பகுதியில் ஒளிக்காமல் எழுதினாள். அந்த மின்னஞ்சல்களிலிருந்து ஒரு வரிகூட எடுக்கவில்லை.

பங்கேற்றவர்கள் விரும்பினால் முடிவுகளின் சுருக்கத்தை அனுப்புவதாக முன்பே சொல்லியிருந்தாள். மாசிலாமணி தன் சிகிச்சையாளரிடம் சொல்லிவிட்டு, வேண்டும் என்று கேட்டு வாங்கினார். ரயில், அந்த அம்மா, சிவப்புக் குடை, எல்லாம் அதில் இருந்தது.

அனுப்பிய வாரம் முழுக்க யும்னா சாதாரணமாக இல்லை. தேக்காவில் பிரியாணிக்கு உட்கார்ந்தால் வாய்க்கு ஒரு கவளம், ஃபோனுக்கு ஒரு பார்வை. "யாருக்குடி இப்ப செக் பண்ற வியாதி?" என்றேன். முறைத்தாள்.

அப்போதுதான் மாசிலாமணியின் பதில் வந்தது. படித்துவிட்டு ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

'சுருக்கம் வந்தது மிஸ்ஸி. குடை சிவப்பா என்று இன்னும் தெரியவில்லை. ஒரே ஒரு தடவைதான் படித்தேன்.'

'ரொம்ப நல்லது அண்ணே, நீங்க' என்று அடிக்க ஆரம்பித்தவள், நிறுத்தி, எல்லாவற்றையும் அழித்தாள். 'நன்றி' என்று மட்டும் அனுப்பினாள். பிறகு ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கன்னத்தைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டாள்.