இருபத்தைந்தாவது ஆளின் ஒரு ஸ்டார்

வீடு வீடாகப் போய் பார்லர் வேலை செய்பவள் நான். ஆப்பில் புக்கிங் வரும். ஸ்கூட்டியில் கிட் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். வேலை முடிந்ததும் வாடிக்கையாளர் ஒன்று முதல் ஐந்து வரை ஸ்டார் போடுவார். சராசரி 4.6க்குக் கீழே இறங்கினால் ஐடியை முடக்கிவிடுவார்கள். அதோடு என் வீட்டு அடுப்பும் அணைந்துவிடும்.

அன்றைக்கு அடையாறில் ஒரு ஃபிளாட். மேடத்துக்கு ஃபேஷியல் முடித்துத் துண்டை மடித்துக்கொண்டிருந்தேன். சோபாவில் இருந்த அவருடைய அக்கா என் முன்னால் காலை நீட்டினார்.

"அக்காவுக்கும் பெடிக்யூர் பண்ணிடு" என்றார் மேடம்.

"அது புக் பண்ணலியே மேடம்."

"பத்து நிமிஷ வேலைக்கு என்ன புக்கிங்? ஒரு ஸ்டார் போட்டேன்னா உன் வேலை காலி. தெரியும்ல?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பத்து நிமிடத்தில் பெடிக்யூராம்! ஆனாலும் உள்ளுக்குள் பயம். பால்கனிக்குப் போய், இதே ஆப்பில் வேலை பார்க்கும் தோழியைப் போனில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"உன் ரேட்டிங் இப்ப இன்னா கீது?"

"4.75. இதுவரைக்கும் இருபத்து நாலு பேரு போட்டுகீறாங்க."

"அந்த 4.75ஐயும் இந்த ஒண்ணையும் கூட்டி ரெண்டால வகு. மூணுகூட வராது. ஐடி பூடும்டி. பேசாம பண்ணிட்டு வா."

நாங்கள் எல்லோருமே இப்படித்தான் கணக்குப் போட்டு நடுங்குவோம். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை. இந்த ஒரு அம்மா இருபத்து நாலு பேருக்குச் சமமா? யார் எத்தனை போட்டார்கள் என்று ஆப் காட்டாது. காட்டவும் வேண்டாம், ஆளுக்கு 4.75 என்றே வைத்துக்கொள்ளலாம். இவர் போடும் ஒன்று அதைவிட 3.75 குறைவு. அந்தக் குறைவை இவரோடு சேர்த்து இருபத்தைந்து பேருக்கும் பங்கு போட்டால் தலைக்கு 0.15. கழித்தால் 4.60. விளிம்புதான், ஆனால் கீழே இல்லை.

உள்ளே போய்ப் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். "போடுங்க மேடம்" என்றேன்.

என் கண் முன்னாலேயே போட்டார். லிஃப்டில் போனைப் பார்த்தேன். 4.60.

கீழே வந்து தோழிக்குச் சொன்னேன். அவளும் கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"அப்ப இனிமே ஒருத்தர் நாலு போட்டாகூட கீழ எறங்கிடுவியே?"

உண்மைதான். இறங்குவது துளிதான், அந்தத் துளி போதும் என்னை வெளியே தள்ள. அடுத்தவர் ஐந்து போட்டாலும் ஏறுவது துளிதான். பழைய 4.75ஐத் தொட வேண்டுமானால் பதினைந்து பேர் வரிசையாக ஐந்து போட வேண்டும். ஒருவர் வாய்க்கொழுப்பைத் துடைக்கப் பதினைந்து நல்ல மனிதர்கள்!

அடுத்த புக்கிங் தி.நகரில், ஐப்ரோ மட்டும். கதவைத் திறந்த பெண் சிரித்தபடி சொன்னார்: "வாம்மா, அப்படியே என் பொண்ணுக்கும் பண்ணிடு."

பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"அவங்களுக்குத் தனியா புக் பண்ணுங்க மேடம்" என்றேன்.