கறக்கிற எருமைக்கு ஊசி இல்லை

வெள்ளைக்காரன் காலத்திலேயே சின்னமனூர்ப் பக்கம் வைகாசியில், மழைக்கு முன்பு, மாட்டு டாக்டர் தொண்டை அடைப்பான் நோய்க்கு ஊசி போட வருவார். அந்த வருஷம் அப்பா உழவு மாடுகள் இரண்டையும் ஓட்டிப்போனார். எருமையை மட்டும் கொட்டத்துக்குள் மறைத்துக் கட்டினார்.

"கறக்குற எருமைக்கு ஊசி போட்டா பால் வத்திப்போகும்" என்றார். ஊரே அப்படித்தான் நம்பித் தொலைத்தது.

முதல் மழை பெய்த வாரம், ஒரு காலையில் எருமை தீனி எடுக்கவில்லை. உடம்பு கொதித்தது, வாயில் எச்சில் நூலாக வடிந்தது. மதியத்துக்குள் தொண்டை வீங்கி, மூச்சு குறட்டைபோல் இழுத்தது. அப்பா டாக்டரைத் தேடி ஓடினார். அவர் வருவதற்குள் செத்துவிட்டது.

"இனிமே பால் வத்தாது" என்றாள் அம்மா.

அப்பா வண்டியைப் பூட்டினார். எருமையை ஏற்றிய வண்டியைக் குழிவரைக்கும் இழுத்துப்போனவை, ஊசி போட்ட அந்த இரண்டு மாடுகள்தான்.